கம்பெனி வீடு, கம்பெனிக் கார்: கையில் வராத பணத்துக்கு வரி எப்படி வருகிறது?

கேள்வி: "அண்ணா, வணக்கம். 2023 பிப்ரவரியில் கோயம்புத்தூரிலிருந்து டர்பனுக்கு வேலைக்கு வந்தேன். வெருலத்தில் வீடு, ஓட்டுவதற்குக் கார், பெட்ரோல் எல்லாம் கம்பெனி தருகிறது. 2025 மார்ச்சில் சம்பளம் 37,500 ரேண்டிலிருந்து 40,000 ஆனது. ஆனால் கைக்கு வருவது ஆயிரம் ரேண்ட் குறைந்துவிட்டது. வீட்டுக்கும் வரி என்கிறார்கள். இரண்டு வருடமாக இல்லாத வரி இப்போது எங்கிருந்து வந்தது? போதாக்குறைக்குப் போன வருடக் கணக்கைத் தாக்கல் செய்தபோது 11,232 ரேண்ட் கட்டச் சொல்லிவிட்டார்கள். மாதாமாதம் காருக்குப் பிடித்துக்கொண்டுதானே இருந்தார்கள்? சம்பளச் சீட்டுகளை இணைத்திருக்கிறேன்."

தம்பி, நீங்கள் அனுப்பிய சீட்டுகளைப் பார்த்தேன். உங்கள் கம்பெனி உங்களை ஏமாற்றவில்லை. ஆனால் ஒரு தவறு செய்திருக்கிறது. நீங்களும் ஒன்றைச் செய்யாமல் விட்டிருக்கிறீர்கள். கம்பெனியின் தவறு சின்னது, உங்களுடையதுதான் பெரியது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் சீட்டைப் படிக்கும் விதம். வருமானப் பக்கத்தில் அடிப்படைச் சம்பளம் 40,000, அதற்குக் கீழே கார் 13,000, வீடு 7,185.75 என்று இருக்கிறது. பிடித்தப் பக்கத்தில் அதே 13,000மும் 7,185.75ம் மறுபடி வருகின்றன. பலர் இதைப் பார்த்து, கார் வாடகையைத் தங்கள் சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்று கோபப்படுகிறார்கள். அப்படி இல்லை. கணக்கு மென்பொருள் அந்தத் தொகையை ஒரு பக்கம் ஏற்றி, வரியைக் கணக்கிட்டுவிட்டு, மறுபக்கம் இறக்கிவிடுகிறது. அது வந்துபோகும் நிழல். இந்தச் சலுகைகளால் உண்மையில் உங்கள் பணத்தில் கைவைப்பது வரி என்ற ஒரே ஒரு வரிசைதான்.

இனி அந்தத் தொகைகள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். தென்னாப்பிரிக்காவின் வருமான வரிச் சட்டம் 1962ஆம் ஆண்டின் 58ஆம் எண் சட்டம். அதன் ஏழாவது அட்டவணை முழுக்க முழுக்க இந்தச் சலுகைகளை எப்படி மதிப்பிடுவது என்பதற்காகவே இருக்கிறது. அதைப் படிக்கும்போது மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். உங்களுக்கு அந்தச் சலுகையால் எவ்வளவு பயன் என்று சட்டம் கேட்பதே இல்லை. கம்பெனிக்கு எவ்வளவு செலவு என்பதையும் சில இடங்களில்தான் கேட்கிறது. மற்றபடி ஒரு சூத்திரத்தை வைத்திருக்கிறது, அதில் எண்களைப் போட்டு வருவதை உங்கள் வருமானம் என்கிறது. இந்தியாவிலும் இதே மாதிரி மதிப்பீடு உண்டு. ஆனால் அந்த விதிகளை இங்கே பொருத்திப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். அதை மறந்துவிடுங்கள்.

காரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் பணம் அங்கேதான் போகிறது.

காரின் நிர்ணய மதிப்பு என்று ஒன்று உண்டு. கம்பெனி அதை வாங்கியபோது, மதிப்புக் கூட்டு வரியும் சேர்த்து, சந்தையில் அதன் சில்லறை விலை என்ன என்பதுதான் அது. 2018 மார்ச் முதல் இப்படித்தான். உங்கள் காருக்கு அது 4,00,000 ரேண்ட். இதில் மாதத்துக்கு 3.5 சதவீதம் உங்கள் சலுகை மதிப்பு. கம்பெனி வாங்கும்போதே காருடன் முழுப் பராமரிப்புத் திட்டம் இருந்தால் 3.25 சதவீதம். உங்களுக்குத் திட்டம் இருந்திருக்கிறது, ஆகையால் மாதம் 13,000, வருடத்துக்கு 1,56,000. இங்கே ஒரு எச்சரிக்கை. எண்ணெய் மாற்றுவது, வடிகட்டி மாற்றுவது மட்டும் அடங்கிய சர்வீஸ் திட்டம் இதற்குப் போதாது. டயர் போன்றவை நீங்கலாக எல்லாப் பராமரிப்பையும் ஏற்கும் திட்டமாக இருக்க வேண்டும். குறைந்தது 3 வருடம் அல்லது 60,000 கிலோமீட்டர். சர்வீஸ் திட்டத்தைக் காட்டி 3.25 போட்டுவிட்டுப் பிறகு மாட்டிக்கொண்ட கணக்கர்கள் உண்டு.

கார் பழசாகப் பழசாக இந்த மதிப்பு குறையுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். குறையாது. அந்தக் கார் உங்கள் கையில் இருக்கும் வரை, நாலாவது வருடத்திலும் புதுக் காரின் விலையில்தான் கணக்கு. விற்கப்போனால் பாதி விலைகூடத் தேறாத காருக்கு முழு விலையில் வரி கட்டுவது வயிற்றெரிச்சலான காரியம்தான், ஆனால் விதி அதுதான். விலக்கு ஒன்றே ஒன்று. கம்பெனி வாங்கி 12 மாதமோ அதற்கு மேலோ ஆன பிறகு அந்தக் கார் உங்கள் கைக்கு வந்திருந்தால், ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 15 சதவீதம் கழிக்கலாம். 4,00,000 ரேண்ட் கார் ஒரு வருடம் கழித்து வந்தால் 3,40,000, இரண்டு வருடம் கழித்து வந்தால் 2,89,000. முன்பிருந்த மேலாளர் விட்டுப்போன காரை வாங்கி ஓட்டுகிறவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். சம்பளப் பிரிவு தானாகச் செய்வது அபூர்வம். உங்களுக்குப் புதுக் காராகவே வந்ததால் இது பொருந்தவில்லை.

கம்பெனி காரைச் சொந்தமாக வாங்காமல் வாகன நிறுவனத்திடம் மாத வாடகைக்கு எடுத்திருந்தால், சில நிபந்தனைகளுடன், இந்தச் சதவீதக் கணக்கே கிடையாது. கம்பெனிக்கு ஆகும் உண்மையான வாடகையும் பெட்ரோல் செலவும்தான் மதிப்பு. வருட இறுதியில் கம்பெனி தரும் வரிச் சான்றிதழான IRP5இல் காருக்கு 3802 என்ற குறியீடு இருக்கிறது. வாடகைக் காராக இருந்தால் 3816 என்று இருந்திருக்கும். ஆக, உங்களுடையது கம்பெனியின் சொந்தக் கார்.

இப்போது அந்த 11,232க்கு வருவோம். மாதாமாதம் வரி பிடிக்கும்போது கம்பெனி அந்த 13,000 முழுவதற்கும் பிடிப்பதில்லை. அதில் 80 சதவீதத்துக்கு, அதாவது 10,400க்கு மட்டுமே பிடிக்கிறது. காரில் கொஞ்சமாவது அலுவலக வேலைக்குப் போவீர்கள் என்று சட்டம் ஊகித்து, மாதப் பிடித்தத்தில் இந்தச் சலுகையைத் தருகிறது. உங்கள் ஓட்டத்தில் 80 சதவீதத்துக்கு மேல் அலுவலக வேலைதான் என்று கம்பெனிக்கு உறுதியாகத் தெரிந்தால் 20 சதவீதத்துக்குப் பிடித்தாலே போதும். ஆனால் இந்த 80ம் 20ம் மாதப் பிடித்தத்துக்கு மட்டும்தான். வருட இறுதியில் கணக்குத் தாக்கல் செய்யும்போது 1,56,000 முழுவதும் உங்கள் வருமானத்தில் ஏறிவிடும். IRP5இல் 3802க்கு எதிரே அந்த முழுத் தொகைதான் அச்சாகியிருக்கும், போய்ப் பாருங்கள். பிடிக்காமல் விட்ட 20 சதவீதம் 31,200 ரேண்ட். போன வருடம் உங்கள் வருமானம் 36 சதவீதப் படியில் இருந்தது. 31,200க்கு 36 சதவீதம் போட்டுப் பாருங்கள். 11,232. ஒரு ரேண்ட் பிசகவில்லை.

அலுவலகத்துக்காக எவ்வளவு ஓட்டினீர்கள் என்று நீங்கள் பதிவேட்டைக் காட்டியிருந்தால் கதை மாறியிருக்கும். நீங்கள் காட்டவில்லை. காட்டாவிட்டால் ஓடியது முழுவதும் சொந்த ஓட்டம் என்றே எடுத்துக்கொள்வார்கள். நானும் இந்த ஊருக்கு வந்த புதிதில் இதே குழியில் விழுந்தவன்தான். சம்பளக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்களுக்கு எல்லாம் கணக்குப் போட்டுக் கொடுத்தவன், என் காருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளவில்லை. வரி கேட்டுக் கடிதம் வந்த அன்று வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதையை இங்கே எழுத முடியாது.

பதிவேடு என்றால் பெரிய விஷயம் இல்லை. மார்ச் 1ஆம் தேதி ஓடோமீட்டர் காட்டும் எண், பிப்ரவரி கடைசி நாள் காட்டும் எண், இரண்டும் வேண்டும். இடையில் அலுவலக வேலையாகப் போன ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு குறிப்பு. என்னுடைய பழைய நோட்டில் ஒரு குறிப்பு இப்படி இருக்கிறது: "ஜூன் 12. பீனிக்ஸ் அலுவலகம் – பீட்டர்மாரிட்ஸ்பர்க் – பீனிக்ஸ். வாடிக்கையாளரின் கிடங்கில் சரக்குத் தகராறு. 41,318 – 41,492. 174 கி.மீ." தேதி, எங்கிருந்து எங்கே, எதற்காக, எத்தனை கிலோமீட்டர். "மீட்டிங்" என்று மட்டும் எழுதினால் போதாது. யாரைப் பார்க்க, என்ன வேலையாக என்று பின்னால் யாராவது கேட்டால் சொல்லும்படி எழுத வேண்டும். சொந்தப் பயணங்களை எழுதத் தேவையில்லை. மொத்த ஓட்டத்திலிருந்து அலுவலக ஓட்டத்தைக் கழித்தால் மிச்சம் சொந்த ஓட்டம். சார்ஸ், அதாவது இங்குள்ள வருவாய்த் துறை, தன் இணையதளத்தில் ஒரு மாதிரிப் பதிவேட்டையே வைத்திருக்கிறது. நோட்டை ஐந்து வருடம் பத்திரமாக வைத்திருங்கள்.

எது அலுவலக ஓட்டம் என்பதில்தான் நம் ஆட்கள் வழுக்குகிறார்கள். வெருலத்து வீட்டிலிருந்து பீனிக்ஸ் அலுவலகத்துக்குப் போய்வருவது சொந்த ஓட்டம். தினமும் வேலைக்காகத்தானே போகிறேன் என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் எங்கே குடியிருப்பது என்பது உங்கள் சௌகரியம் என்கிறது சட்டம். கம்பெனியே வெருலத்தில் குடிவைத்திருந்தாலும் அப்படித்தான். பெரிய வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்குப் போனது சொந்த ஓட்டம் என்று நான் சொல்லத் தேவையில்லை. வழியில் ஒரு வாடிக்கையாளரைப் பார்த்துக் கைகுலுக்கியதால் அது அலுவலகப் பயணம் ஆகிவிடாது. இப்படி ஒருவர் எழுதி வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன், அதுவும் பொது விடுமுறை நாளன்று.

உங்கள் ஓட்டத்தைப் பார்ப்போம். பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கு மாதம் இரண்டு தடவை, ரிச்சர்ட்ஸ் பேக்கு ஒரு தடவை, டர்பனுக்குள் சில்லறைப் பயணங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தோராயமாக மாதம் 800 கிலோமீட்டர் வருகிறது. வருடத்துக்கு 9,600. மொத்த ஓட்டம் 24,000 என்கிறீர்கள். அலுவலகப் பங்கு 40 சதவீதம். பதிவேடு இருந்தால் 1,56,000இல் 40 சதவீதம், அதாவது 62,400, கழிந்துபோகும். வரிக்கு மிஞ்சுவது 93,600. மாதப் பிடித்தத்தில் அவர்கள் எடுத்துக்கொண்ட 1,24,800ஐ விட இது குறைவு. ஆகவே நீங்கள் கட்ட வேண்டியது போய், உங்களுக்குத் திரும்பி வரும். அலுவலகப் பங்கு சரியாக 20 சதவீதமாக இருக்கிறவருக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை. அதற்குக் கீழே இருந்தால், நோட்டு வைத்திருந்தாலும் கொஞ்சம் கட்டத்தான் வேண்டும்.

நீங்கள் பெட்ரோலுக்குக் கைக்காசு போடுவதில்லை. போடுகிறவர்களுக்கு இன்னொரு கழிவு உண்டு. சொந்த ஓட்டத்துக்கான பெட்ரோல் முழுவதையும் திரும்பப் பெறாமல் தாமே ஏற்றால், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அட்டவணைப்படி குறைத்துக்கொள்ளலாம். அதற்கும் இதே நோட்டுதான் ஆதாரம்.

வருடாந்திர விடுப்பில் ஆறு வாரம் ஊருக்குப் போனபோது கார் கம்பெனி வாசலில்தானே நின்றது, அந்த நாள்களைக் கழிக்கக் கூடாதா என்று அடுத்து கேட்பீர்கள். கழிக்க முடியாது. தற்காலிகமாக ஓட்டாமல் இருந்ததற்காக மதிப்பு குறையாது.

வீட்டுக்கு வருவோம். இரண்டு வருடம் வரி இல்லாமல் இருந்தது யாருடைய மறதியும் இல்லை. வெளிநாட்டில் வழக்கமான குடியிருப்பு உள்ளவர் வேலைக்காக இங்கே வந்தால், வந்த நாளிலிருந்து இரண்டு வருடம் வரை முதலாளி தரும் வீட்டுக்கு மதிப்பு போடுவதில்லை. மாதம் 25,000 ரேண்ட் என்ற கணக்கில் ஒரு வரம்பு இருக்கிறது, உங்கள் வீடு அதன் பக்கத்திலேயே வரவில்லை. 2023 பிப்ரவரியில் வந்தீர்கள், 2025 பிப்ரவரியோடு இரண்டு வருடம் முடிந்தது. மார்ச்சில் புது வரியாண்டு பிறந்தபோது வீடும் சீட்டில் ஏறிவிட்டது. அதே மாதம் சம்பளமும் உயர்ந்ததால், உயர்வை விழுங்கிவிட்டார்கள் என்று உங்களுக்குத் தோன்றுகிறது.

இதில் உங்களுக்குத் தெரியாத ஒரு அதிர்ஷ்டமும் இருக்கிறது. வந்து சேர்வதற்கு முந்தைய வரியாண்டில் 90 நாளுக்கு மேல் இந்த நாட்டில் இருந்தவருக்கு அந்த இரண்டு வருட விலக்கு கிடையாது. திட்ட வேலையாக மூன்று மாதம், நான்கு மாதம் என்று வந்துபோய்விட்டுப் பிறகு நிரந்தரமாக வரும் நம் பொறியாளர்கள் பலர் இதில் சிக்கிக்கொள்கிறார்கள். உங்கள் பின்னால் யாராவது வருவதாக இருந்தால், பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகளை வைத்து நாள்களை எண்ணச் சொல்லுங்கள்.

வீட்டுக்கான சூத்திரம் இது:

```
(A − B) × C/100 × D/12
```

A என்பது போன வரியாண்டில் இதே முதலாளியிடம் நீங்கள் பெற்ற ஊதியம். இந்த வருடச் சம்பளம் அல்ல, அதைக் கவனியுங்கள். அந்த ஊதியத்தில் வீட்டுச் சலுகையைச் சேர்ப்பதில்லை, ஆனால் வரி பிடித்த அளவுக்குக் கார் சேர்கிறது. ஆக, கார் பெரிதானால் அடுத்த வருடம் வீட்டின் மதிப்பும் பெரிதாகிறது! உங்களுக்குப் போன வருடம் ரொக்கம் 4,50,000, காரின் 80 சதவீதம் 1,24,800, மொத்தம் 5,74,800. B என்பது வரியே இல்லாத வருமான வரம்பு, 2025 மார்ச்சில் தொடங்கிய வரியாண்டுக்கு 95,750 ரேண்ட். கம்பெனியே உங்கள் கையிலோ உங்கள் மனைவியின் கையிலோ இருந்தால் இந்தக் கழிவு கிடையாது. C சாதாரணமாக 17. நான்கு அறையோ அதற்கு மேலோ உள்ள வீட்டில், கம்பெனி தளவாடங்களும் கொடுத்தால் 18, அல்லது தளவாடம் இல்லாமல் மின்சாரத்தை மட்டும் கட்டினாலும் 18, இரண்டையும் கொடுத்தால் 19. உங்கள் வீட்டில் கட்டில், சோபா, குளிர்பெட்டி எல்லாம் இருக்கின்றன. மின்சாரக் கட்டணம் உங்களுடையது. ஆக 18. D என்பது குடியிருந்த மாதங்கள், 12.

5,74,800இல் 95,750ஐக் கழித்தால் 4,79,050. அதில் 18 சதவீதம் 86,229. பன்னிரண்டால் வகுத்தால் 7,185.75. உங்கள் சீட்டில் இருக்கும் அதே தொகை. சம்பளப் பிரிவு சூத்திரத்தைச் சரியாகவே போட்டிருக்கிறது.

பிறகு தவறு எங்கே? சூத்திரத்தோடு நின்றுவிட்டதில். வீடு கம்பெனியின் சொந்தம் இல்லை என்றும், வெளியாள் ஒருவரிடம் மாதம் 6,500 ரேண்டுக்குத் தளவாடங்களோடு வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள் என்றும், ஒப்பந்தத்தை நீங்களே பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். வீடு கம்பெனிக்குச் சொந்தமில்லாமல், கம்பெனிக்குத் தொடர்பில்லாத ஒருவரிடமிருந்து சந்தை முறையில் எடுத்ததாக இருந்தால், சூத்திரம் சொல்லும் தொகை, கம்பெனிக்கு அந்த வீட்டுக்கு ஆகும் உண்மைச் செலவு, இவ்விரண்டில் எது குறைவோ அதுதான் மதிப்பு. 2015 மார்ச் முதல் இந்த விதி இருக்கிறது. வருட வாடகை 78,000. சூத்திரம் 86,229. ஆகவே 78,000தான் வர வேண்டும். வாடகை தவிர வீட்டுக்காகக் கம்பெனி வேறு எதையாவது கட்டினால், உதாரணமாகக் காவல் நிறுவனத்தின் மாதக் கட்டணம், அதுவும் செலவில் சேரும். அப்படி ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

உம்லாங்காவில் கடலைப் பார்த்த வீடாக எடுத்து மாதம் 14,000 கொடுத்திருந்தால்? அப்போதும் சூத்திரத்தின் 86,229தான், ஏனென்றால் அது குறைவு. இந்த ஊரில் சம்பளம் குறைவாகவும் வீடு நன்றாகவும் இருந்தால் சூத்திரம் உங்கள் பக்கம். சம்பளம் அதிகமாகவும் வீடு சுமாராகவும் இருந்தால் சூத்திரம் உங்களைக் கடிக்கும். வெருலத்து வீட்டுக்காரர் வாடகையைக் குறைவாக வைத்திருப்பதால் உங்களுக்கு இந்த மாற்றுவழி பயன்படுகிறது.

மொத்தமாகக் கணக்கிட்டுப் பார்க்கிறேன். ஓய்வூதியப் பங்களிப்பு, மருத்துவத் திட்டம் எதையும் சேர்க்கவில்லை, உங்கள் சீட்டில் அவை இல்லை.

இப்போது பிடிக்கிறபடி: ரொக்கம் 4,80,000, கார் 1,24,800, வீடு 86,229, மொத்தம் 6,91,029. 2025 மார்ச்சில் தொடங்கிய வரியாண்டின் வரி அட்டவணையில் 6,73,000க்கு மேலே 39 சதவீதப் படி தொடங்குகிறது. அதுவரை 1,79,147, மேலே உள்ள 18,029க்கு 7,031. அடிப்படைக் கழிவு 17,235ஐ எடுத்தால் வருட வரி 1,68,943. மாதம் 14,079. கைக்கு 25,921. பிப்ரவரியில் உங்களுக்கு வந்தது 26,953. நீங்கள் சொன்ன அந்த ஆயிரம் ரேண்ட் இதுதான்.

வீட்டை 78,000 என்று திருத்தினால் மொத்தம் 6,82,800, வரி 1,65,734. வருடத்தில் 3,209 ரேண்ட் மிச்சம். பெரிய தொகை இல்லை, ஆனால் உங்களுடையது. சம்பளப் பிரிவுக்கு வாடகை ஒப்பந்தத்தின் நகலோடு எழுதுங்கள். வரியாண்டு முடிவதற்குள் திருத்தினால் வரும் மாதங்களின் பிடித்தத்திலேயே சரிசெய்துவிடலாம். பிப்ரவரி முடிந்து IRP5 அச்சாகிவிட்டால் அதைத் திருத்தி வாங்குவது இழுபறி.

பதிவேட்டின் மதிப்பு இப்போது தெரியும். வீட்டைத் திருத்திவிட்டார்கள், ஆனால் உங்களிடம் நோட்டு இல்லை என்று வைத்துக்கொள்வோம். கணக்குத் தாக்கலில் காரின் 1,56,000 முழுவதும் ஏறும். மொத்தம் 7,14,000, வரி 1,77,902. பிடித்தது 1,65,734. கட்ட வேண்டியது 12,168. இந்த முறை போன வருடத்தை விட அதிகம், ஏனென்றால் வீடு உங்களை 39 சதவீதப் படிக்குத் தூக்கிவிட்டிருக்கிறது. நோட்டு இருந்தால் காருக்கு 93,600, மொத்தம் 6,51,600, வரி 1,54,208. திரும்ப வருவது 11,526. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 23,694 ரேண்ட். காரின் முன்பெட்டியில் கிடக்க வேண்டிய ஒரு நோட்டுப் புத்தகத்துக்கு இவ்வளவு விலை.

மார்ச்சிலிருந்து எழுதாமல் விட்டுவிட்டேனே என்பீர்கள். போன மாதங்களைக் குத்துமதிப்பாக நிரப்பாதீர்கள். மாதத்துக்கு 800 என்று ஒரே எண்ணைப் பன்னிரண்டு தடவை எழுதிய நோட்டு, பார்த்த மாத்திரத்தில் பல்லிளிக்கும். அந்தந்த நாளிலேயே உருவான சான்றுகளைத் தேடுங்கள். சர்வீஸ் ரசீதில் அன்றைய ஓடோமீட்டர் எண் அச்சாகியிருக்கும். வாடிக்கையாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல், அலுவலக நாட்காட்டி, சுங்கச்சாவடி ரசீது இவற்றால் தேதியும் ஊரும் நிற்கும். அவற்றால் நிற்கிற பயணங்களை மட்டும் எழுதுங்கள், நிற்காததை விட்டுவிடுங்கள். 40 சதவீதம் 30 ஆகலாம். அப்போதும் உங்களுக்குப் பணம் திரும்பத்தான் வரும். இன்றிரவு ஓடோமீட்டரைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு நாளையிலிருந்து முறையாக எழுதுங்கள்.

வீட்டையும் காரையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணமாகக் கேட்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். கோபத்தில் கேட்டது என்று நினைக்கிறேன். வீட்டைக் கணக்கில் சேர்ப்பதால் மாதப் பிடித்தத்தில் கூடும் வரி வருடத்துக்கு 28,374, மாதம் 2,365. அந்தக் காசுக்கு வெருலத்தில் ஓர் அறைகூட நல்லதாகக் கிடைக்காது. கார், நோட்டு இருந்தால், மாதம் 2,808 ரேண்ட் வரியோடு முடிகிறது, பெட்ரோலும் காப்பீடும் பராமரிப்பும் உட்பட. நோட்டு இல்லாவிட்டால் அது ஐயாயிரத்தை நெருங்கும். அதே காரைக் கடனில் வாங்கி ஓட்டிப் பார்த்தவர்களைக் கேளுங்கள், மாதத் தவணையே எவ்வளவு என்று சொல்வார்கள்.

சம்பளப் பிரிவுக்கு எழுதுவதற்கு முன் ஒன்றை மட்டும் விசாரித்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் என்று இருக்கிற பெயர் யாருடையது? இந்த ஊரில் சிறிய கம்பெனிகளில், இயக்குநரின் மனைவி பெயரிலோ குடும்ப அறக்கட்டளையின் பெயரிலோ உள்ள வீட்டைக் கம்பெனியே வாடகைக்கு எடுத்து ஊழியருக்குக் கொடுப்பது உண்டு. வீட்டுக்காரர் கம்பெனிக்குத் தொடர்புடையவர் என்று ஆகிவிட்டால் 78,000 என்ற வழி அடைந்துவிடும், 86,229தான். அப்படி இருந்தால் சம்பளப் பிரிவு போட்டதே சரி, நான் தவறு என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.